யாட்ஸீ: முதல் உருட்டுக்குப் பிறகு எந்தக் கட்டத்தைக் குறிவைப்பது?

யாட்ஸீ தெரியும், ஆனால் முறைப்படி விதிகளைப் படித்ததில்லை. இந்தப் பக்கம் புரிய எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

ஐந்து பகடை. ஒரு முறைக்கு மூன்று உருட்டு வரை: முதலில் ஐந்தையும் உருட்டுகிறோம், பிறகு பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை இரண்டு தடவை மறுபடி உருட்டலாம். கடைசியில் 13 கட்டங்களில் காலியாக உள்ள ஒன்றை நிரப்பியே ஆக வேண்டும். பொருந்தாவிட்டால் பூஜ்யம் போட வேண்டும். ஒருமுறை நிரப்பிய கட்டத்தை மாற்ற முடியாது.

மேல் பகுதியில் 1 முதல் 6 வரை ஆறு கட்டங்கள். அந்த எண் விழுந்த பகடைகளின் கூட்டுத்தொகைதான் புள்ளி. மேல் பகுதி மொத்தம் 63-ஐத் தொட்டால் 35 போனஸ். ஒவ்வோர் எண்ணிலும் மூன்று பகடை கிடைத்தால் சரியாக 63 வரும். அதனால் மூன்று பகடைதான் மேல் பகுதியில் அளவுகோல்.

கீழ்ப் பகுதியில் ஒரே எண் மூன்று வேண்டிய த்ரீ ஆஃப் எ கைண்ட், நான்கு வேண்டிய ஃபோர் ஆஃப் எ கைண்ட், எது விழுந்தாலும் எழுதக்கூடிய சான்ஸ் மூன்றுக்கும் ஐந்து பகடைகளின் மொத்தக் கூட்டல். ஓர் எண்ணில் மூன்றும் இன்னொன்றில் இரண்டும் சேர்ந்தால் ஃபுல் ஹவுஸ் 25, நான்கு தொடர் எண்கள் விழுந்தால் ஸ்மால் ஸ்ட்ரெய்ட் 30, ஐந்தும் தொடர் எண்களானால் லார்ஜ் ஸ்ட்ரெய்ட் 40, ஐந்தும் ஒன்றாக விழுந்தால் யாட்ஸீ 50. எட்வின் லோ 1956-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்க ஆட்டத்தின் விதிகள் இவை. கீழே உள்ள எண்கள் எல்லாம் இந்த விதிகளுக்கானவை.

முதல் உருட்டு விழுந்ததுமே "இது ஃபுல் ஹவுஸுக்கு" என்று மனதில் முடிவு செய்துவிடுகிறேன். அது சரியா?

பெரும்பாலும் சரியில்லை. இரண்டு உருட்டு மீதம் இருக்கும்போது நீங்கள் உண்மையில் எடுக்க வேண்டிய முடிவு எந்தப் பகடையை வைப்பது என்பதுதான். எந்தக் கட்டம் என்பதை மூன்றாவது உருட்டுக்குப் பிறகு சொன்னால் போதும். விதியும் அதற்கு முன் கேட்பதில்லை.

ஆனால் கட்டத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று பொருள் இல்லை. உருட்டும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். நினைத்தது விழுந்தால் எங்கே எழுதுவேன்? விழாவிட்டால் எங்கே எழுதுவேன்? இரண்டாவதைத்தான் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. ஒரே வாய்ப்பு விகிதம் உள்ள இரண்டு வழிகளில், தோற்றாலும் உருப்படியான இடம் உள்ள வழிதான் நல்லது. உதாரணமாக 6 6 6 வைத்துக்கொண்டு உருட்டினால், ஒன்றுமே சேராவிட்டாலும் மேல் பகுதியின் ஆறு கட்டத்தில் 18 நிச்சயம். 1 2 4 5 வைத்துக்கொண்டு 3-க்காகக் காத்திருந்தால், 3 வராதபோது கையில் இருப்பது எந்தக் கட்டத்துக்கும் ஒட்டாத குப்பை.

இரண்டு உருட்டு மீதம் இருந்தால் வாய்ப்பை எப்படிக் கணக்கிடுவது? எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது.

ஒரே ஓர் எண்ணை மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்தது: 11/36. ஒரு பகடை குறிப்பிட்ட ஓர் எண்ணைக் காட்ட இரண்டு தடவை உருட்டலாம் என்றால், இரண்டு தடவையும் தவறும் வாய்ப்பு 5/6 × 5/6 = 25/36. ஆகவே கிடைக்கும் வாய்ப்பு 11/36, அதாவது சுமார் 31 சதவீதம். மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு.

இதிலிருந்து மற்றவை வரும். கையில் ஒரே எண் நான்கு இருந்து ஐந்தாவது வேண்டும் என்றால் அதே 31 சதவீதம். மூன்று இருந்து யாட்ஸீ வேண்டும் என்றால் இரண்டு பகடையும் விழ வேண்டும், 11/36 × 11/36, சுமார் 9 சதவீதம்தான். ஆனால் அந்த மூன்று, குறைந்தது நான்காக மாறும் வாய்ப்பு 52 சதவீதம். ஜோடி இருந்து அது குறைந்தது மூன்றாக மாறும் வாய்ப்பு 66.5 சதவீதம், அதாவது மூன்றில் இரண்டு. இந்த மூன்றில் இரண்டு என்பதை நினைவில் வையுங்கள், கீழே ஓர் ஆட்டத்தில் இதுதான் தீர்மானிக்கப் போகிறது.

இரண்டு எண்களில் எது விழுந்தாலும் போதும் என்றால் வாய்ப்பு 20/36, சுமார் 56 சதவீதம். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஃபுல் ஹவுஸுக்கு உருட்டும்போதும், 2 3 4 5 வைத்துக்கொண்டு லார்ஜ் ஸ்ட்ரெய்டுக்கு உருட்டும்போதும் இதுதான் எண்.

முதல் உருட்டிலேயே 3 4 5 6 வந்துவிட்டது. ஸ்மால் ஸ்ட்ரெய்ட் கட்டத்தில் 30 எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

மீதி இரண்டு உருட்டை வீணாக்க வேண்டாம். நான்கையும் வைத்துக்கொண்டு ஐந்தாவதை மட்டும் உருட்டினால் 30 எங்கும் போகாது. 2 விழுந்தால் லார்ஜ் ஸ்ட்ரெய்ட். இங்கே ஒரு முனையில் மட்டும்தான் திறப்பு இருக்கிறது, 7 என்று ஓர் எண் இல்லையே. அதனால் 31 சதவீதம். 2 3 4 5 வந்திருந்தால் 1 விழுந்தாலும் 6 விழுந்தாலும் சரி, வாய்ப்பு 56 சதவீதமாக ஏறும். நான்கு தொடர் எண்கள் கையில் இருந்தும் இரண்டு நிலைகளும் ஒன்றல்ல.

3 4 5 மட்டும் இருந்தால்? 2 அல்லது 6 ஒன்று விழுந்தாலே ஸ்மால் ஸ்ட்ரெய்ட். இரண்டு பகடையை இரண்டு தடவை உருட்டும்போது அது சுமார் 80 சதவீதம். புதிதாக விளையாடுகிறவர்கள் மூன்று தொடர் எண்களைக் கலைத்துவிட்டு ஒரு சின்ன ஜோடியைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரெய்ட் கட்டங்கள் இரண்டும் காலியாக இருக்கும்போது அது நல்ல பேரம் இல்லை.

30 புள்ளி, 25 புள்ளி, 18 புள்ளி என்று பல வழிகள் தெரியும்போது அதிகப் புள்ளி தரும் கட்டத்தைத்தானே தேர்ந்தெடுக்க வேண்டும்?

இங்கேதான் பெரும்பாலானோர் புள்ளிகளைத் தொலைக்கிறார்கள். ஒரு கட்டத்தை நிரப்பும்போது புள்ளி கிடைக்கிறது, கூடவே அந்தக் கட்டம் கைவிட்டும் போகிறது. பிறகு வரும் முறைகளில் அது தந்திருக்கக்கூடியதைக் கழித்தால்தான் உண்மையான லாபம் தெரியும்.

இந்த ஆட்டத்தைத் தனியாக ஆடும்போது ஒவ்வொரு நிலையிலும் மிகச் சிறந்த முடிவு எது என்பதைக் கணினியில் முழுமையாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கூடுதல் யாட்ஸீக்கான 100 புள்ளியையும் சேர்த்து, பிழையே இல்லாமல் ஆடுகிறவரின் சராசரி 254.59. அப்படி ஆடும்போது ஒவ்வொரு கட்டமும் சராசரியாக எவ்வளவு தருகிறது என்பதும் தெரியும். தோராயமாகச் சொன்னால் ஒன்று 2, இரண்டு 5, மூன்று 8.5, நான்கு 12, ஐந்து 15.5, ஆறு 19. த்ரீ ஆஃப் எ கைண்டும் சான்ஸும் 22 அளவில். ஃபோர் ஆஃப் எ கைண்ட் 13, ஃபுல் ஹவுஸ் 22.5, ஸ்மால் ஸ்ட்ரெய்ட் 29.5, லார்ஜ் ஸ்ட்ரெய்ட் 33, யாட்ஸீ 17.

இப்போது பாருங்கள். ஸ்மால் ஸ்ட்ரெய்டில் 30 எழுதினால் லாபம் அரைப் புள்ளி! நன்றாக ஆடுகிறவர் எப்படியும் எங்காவது அதை அடைத்துவிடுவார், அதனால் அவசரப்பட்டு அடைப்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. லார்ஜ் ஸ்ட்ரெய்டில் 40 எழுதினால் லாபம் 7. ஆறு கட்டத்தில் 24 எழுதினால் 5, அதோடு போனஸை நோக்கி ஒரு பகடை முன்னேற்றமும் சேரும். கண்ணுக்குத் தெரியும் புள்ளி வரிசையும் லாப வரிசையும் வேறு வேறு.

தோற்ற கைக்கும் இதே அளவுகோல்தான். கடைசியில் 1 3 4 4 6 என்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சான்ஸில் 18 எழுதினால் சராசரியைவிட 4 குறைவு. நான்கு கட்டத்தில் 8 எழுதினாலும் 4 குறைவு, போனஸுக்கும் ஒரு பகடை கடன். ஒன்று கட்டத்தில் வெறும் 1 எழுதினால் இழப்பு 1 புள்ளி. ஆட்டத்தின் தொடக்கத்தில் சான்ஸைக் காப்பாற்றி ஒன்று கட்டத்தைப் பலி கொடுப்பது அதனால்தான் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. 1 என்று எழுதும்போது மனம் கேட்காது, ஆனால் அதுவே மலிவான இழப்பு.

இந்தச் சராசரிகள் ஆட்டத் தொடக்கத்துக்குத்தான் நன்றாகப் பொருந்தும். கட்டங்கள் குறையக் குறைய, மீதி உள்ளவற்றை நேரடியாகக் கணக்கிடுவதே நல்லது.

கடைசி இரண்டு கட்டங்கள்: நான்கும் லார்ஜ் ஸ்ட்ரெய்டும். மேல் பகுதி மொத்தம் 51. முதல் உருட்டில் 2 3 4 4 5. நான் 2 3 4 5 வைத்தேன், நண்பர் 4 4 வைத்திருக்க வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. பார்த்தவுடன் 56 சதவீத வாய்ப்புள்ள 40 புள்ளிதான் கண்ணில் படும், அதனால் நீங்கள் செய்தது புரிகிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதலில், அடுத்த முறைக்கு ஒரே ஒரு கட்டம் மீதம் இருக்கும்போது அது எவ்வளவு பெறும் என்று தெரிய வேண்டும். லார்ஜ் ஸ்ட்ரெய்ட் மட்டும் மீதம் இருந்தால், மூன்று உருட்டில் அது விழும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். மதிப்பு 10.4 புள்ளி. நான்கு கட்டம் மட்டும் மீதம் இருந்தால், சராசரியாக 8.4 புள்ளி வரும். உங்களுக்கு 51-இலிருந்து 63-க்குப் போக 12 வேண்டும், அதாவது மூன்று 4. புதிதாகத் தொடங்கி மூன்று 4 சேர்க்கும் வாய்ப்பு 35.5 சதவீதம், அது 35 போனஸில் 12.4-ஐத் தருகிறது. ஆகவே அந்தக் கட்டத்தின் மதிப்பு சுமார் 20.9.

நீங்கள் போன வழி: 56 சதவீதம் தடவை 40 எழுதி, நான்கு கட்டத்தை அடுத்த முறைக்கு வைக்கிறீர்கள். மொத்தம் 60.9. மீதி 44 சதவீதம் தடவை ஸ்ட்ரெய்ட் விழாது. அப்போது லார்ஜ் ஸ்ட்ரெய்டில் பூஜ்யம் போட்டு, நான்கு கட்டத்தைக் காப்பாற்றுவதே நல்லது: 20.9. சேர்த்துப் பார்த்தால் 43 புள்ளியும் கொஞ்சமும்.

நண்பர் சொன்ன வழி: 4 4 வைத்து மூன்று பகடையை உருட்டினால், மூன்றில் இரண்டு தடவை குறைந்தது இன்னொரு 4 சேரும். அப்போது 12 புள்ளி, 35 போனஸ், அடுத்த முறை லார்ஜ் ஸ்ட்ரெய்டின் 10.4. மொத்தம் 57.4. சில தடவை நான்கோ ஐந்தோ 4 சேர்வதால் சராசரியில் இன்னும் 1 புள்ளி. சேராத மூன்றில் ஒரு தடவை, லார்ஜ் ஸ்ட்ரெய்டில் பூஜ்யம் போட்டு 20.9-க்குத் திரும்புகிறோம். மொத்தச் சராசரி 46.2.

வித்தியாசம் மூன்று புள்ளிக்குச் சற்று அதிகம். ஸ்ட்ரெய்ட் 40 என்று பளிச்சென்று தெரிகிறது, ஜோடிக்குப் பின்னால் 12-உம் 35-உம் சேர்ந்த 47 மறைந்து நிற்கிறது. அதை எட்டும் வாய்ப்பும் அதிகம்: 56-க்கு எதிராக 66.5.

அப்படியானால் இந்த மாதிரி இடத்தில் எப்போதும் ஜோடியைத்தான் வைக்க வேண்டுமா?

இல்லை. அதே ஐந்து பகடை, அதே இரண்டு கட்டங்கள், மேல் பகுதி மொத்தம் மட்டும் மாறினால் பதிலும் தலைகீழாகிவிடும்.

மொத்தம் 47 என்று வைத்துக்கொள்வோம். இப்போது போனஸுக்கு நான்கு 4 வேண்டும். ஜோடியிலிருந்து இரண்டு உருட்டில் நான்கைத் தொடும் வாய்ப்பு 22 சதவீதம்தான். கணக்கு போட்டால் ஜோடி வழி சுமார் 30, ஸ்ட்ரெய்ட் வழி சுமார் 36. தயங்காமல் 2 3 4 5 வைக்கலாம்.

போனஸ் ஏற்கனவே கிடைத்துவிட்டாலோ, இனி எட்டவே முடியாது என்றாலோ, இடைவெளி இன்னும் பெரிது: ஜோடி வழி 22, ஸ்ட்ரெய்ட் வழி 34 அளவில். இங்கே இன்னொன்றும் மாறுகிறது. ஸ்ட்ரெய்ட் விழாதபோது லார்ஜ் ஸ்ட்ரெய்டில் பூஜ்யம் போடக் கூடாது. நான்கு கட்டத்தில் வெறும் 4 எழுதினாலும், அடுத்த முறை ஸ்ட்ரெய்டை முயன்றால் 14.4 வரும். நான்கு கட்டத்தைக் காப்பாற்றினால் 8.4 மட்டுமே. போனஸ் உயிரோடு இருக்கும்போது எந்தக் கட்டத்தைத் தியாகம் செய்தீர்களோ, அது இல்லாதபோது அதையே காப்பாற்றுகிறீர்கள்.

அதனால்தான் யாராவது "2 3 4 4 5 வந்தால் என்ன செய்வது" என்று பகடையை மட்டும் சொல்லிக் கேட்டால் பதில் சொல்ல முடிவதில்லை. எந்தக் கட்டங்கள் காலி, மேல் பகுதியில் எவ்வளவு என்று தெரிந்தால்தான் அது முழுமையான கேள்வி.

அந்த 51 நிலையில் நான் ஏற்கனவே 2 3 4 5 வைத்து ஒரு தடவை உருட்டிவிட்டேன், மறுபடி 4 விழுந்தது. ஆரம்பித்ததைத் தொடரலாமா, மாறலாமா?

மாறுங்கள். ஒரு உருட்டு மீதம் இருக்கும்போது ஸ்ட்ரெய்ட் விழும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது, அந்த வழியின் மதிப்பு 34.2. ஜோடி வழியில் இன்னொரு 4 சேரும் வாய்ப்பு 42 சதவீதம், மதிப்பு 36.6. முந்தைய உருட்டில் எதை வைத்தீர்கள் என்பது பகடைக்கு நினைவில் இருக்காது. ஒவ்வோர் உருட்டுக்குப் பிறகும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

ஐந்தாவது பகடையில் 4 அல்லாமல் 2 விழுந்திருந்தால் மாறுவதற்கு ஒன்றும் இல்லை. ஒற்றை 4-ஐ வைத்து ஒரே உருட்டில் மூன்றாக்கும் வாய்ப்பு 13 சதவீதம்தான், ஸ்ட்ரெய்டையே தொடருங்கள்.

முதல் உருட்டில் 1 1 1 5 6. மூன்று ஒரே எண் என்பதால் வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது, ஆனால் 1 தானே என்றும் தோன்றுகிறது.

ஆட்டத் தொடக்கம் என்றால் மூன்று 1-ஐ வைத்துக்கொள்ளலாம். காரணம் யாட்ஸீயும் போனஸும்தான், பகடையின் கூட்டல் இல்லை. யாட்ஸீக்கு 1-உம் 6-உம் ஒன்றே, 50 புள்ளி, வாய்ப்பு 9 சதவீதம். விழாவிட்டால் ஒன்று கட்டத்தில் 3 எழுதலாம். அது சின்ன எண்ணாகத் தெரிந்தாலும் சராசரியைவிட ஒன்று அதிகம், போனஸுக்கும் கடன் இல்லை.

செய்யக் கூடாதது ஒன்றுதான்: நான்கு 1 சேர்ந்தவுடன் ஃபோர் ஆஃப் எ கைண்டில் எழுதிவிடுவது. நான்கு 1-உம் ஒரு 6-உம் சேர்ந்தாலும் 10 தான், அந்தக் கட்டத்தின் சராசரி 13. ஒன்று கட்டம் காலியாக இருந்தால் அங்கே 4 எழுதுவது மேல். ஒன்று கட்டம் ஏற்கனவே நிரம்பியிருந்தால் நிலைமையே வேறு: அப்போது மூன்று 1-க்கு யாட்ஸீயும் ஃபுல் ஹவுஸும் மட்டுமே உருப்படியான போக்கிடம். அவையும் நிரம்பியிருந்தால் மூன்றையும் கலைத்துவிடுங்கள்.

எதிராளி என்னைவிட 60 புள்ளி முன்னால் இருக்கிறார். அப்போதும் சராசரிக் கணக்குதானா?

ஆட்டத்தின் முதல் பாதியில் ஆம். கடைசி இரண்டு மூன்று முறைகளில் இல்லை. சராசரி என்பது நீண்ட நாள் மொத்தப் புள்ளிக்கான அளவுகோல். ஜெயிப்பதற்கு இத்தனை புள்ளி வேண்டும் என்று தெரிந்த பிறகு, அந்த எண்ணைத் தாண்டும் வாய்ப்பு எந்த வழியில் அதிகமோ அதுதான் சரியான வழி. கடைசி முறையில் 45 பின்தங்கி, யாட்ஸீ கட்டம் மட்டும் காலி என்றால் யோசிக்கவே ஒன்றும் இல்லை. கடைசி இரண்டு கட்டங்கள் சான்ஸும் யாட்ஸீயும், பின்தங்கியது 60 என்றால், முதல் முறையில் ஜோடி விழுந்தவுடன் மற்ற பகடைகளில் 5, 6 இருந்தாலும் அவற்றை விட்டுவிட்டு ஜோடியைத் துரத்த வேண்டும். யாட்ஸீ இல்லாமல் 60-ஐ எட்ட வழியே இல்லை. சான்ஸில் அதிகபட்சமே 30.

முன்னால் இருப்பவருக்கு இது நேர்மாறு. 66.5 சதவீதத்தில் 12 வருவதைவிட, நிச்சயமான 8 போதும் என்றால் 8-ஐ எழுதிவிடலாம்.

செல்பேசியில் யாட்ஸி என்று ஓர் ஆட்டம் இறக்கினேன். அதில் ஜோடிக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. இதே எண்கள் செல்லுமா?

உருட்டும் வாய்ப்புகள் செல்லும், கட்டங்களின் மதிப்பு செல்லாது. நீங்கள் சொல்வது ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஆடும் வகை. அதில் 15 கட்டங்கள். ஒரு ஜோடி, இரண்டு ஜோடி என்று தனிக் கட்டங்கள் உண்டு. மேல் பகுதி போனஸ் 50. ஸ்மால் ஸ்ட்ரெய்ட் என்றால் 1 2 3 4 5 மட்டும், 15 புள்ளி. லார்ஜ் ஸ்ட்ரெய்ட் என்றால் 2 3 4 5 6 மட்டும், 20 புள்ளி.

அதனால் அங்கே 2 3 4 5 கையில் இருந்து ஒரு ஸ்ட்ரெய்ட் கட்டம் நிரம்பியிருந்தால், 56 சதவீதம் என்பது 31 ஆகிவிடும். நான்கு தொடர் எண்களுக்கென்று ஆறுதல் புள்ளியும் இல்லை. ஸ்ட்ரெய்ட் மலிவு, போனஸ் பெரிது என்பதால் மேல் பகுதிக்குச் சாதகமான முடிவுகள் அங்கே இன்னும் அதிகம் வரும். ஜெர்மனியில் க்னிஃபெல் என்று விற்பது அமெரிக்க ஆட்டத்தின் அதே 13 கட்டங்களும் அதே போனஸும் கொண்டது, அதற்கு மேலே உள்ள கணக்குகள் அப்படியே பொருந்தும்.